ஏரிக்கரை வீடுகளும் எழுதப்படாத விதியும்: சட்ட நுழைவுத் தேர்வில் பொதுவிதியைக் கண்டுபிடிப்பது எப்படி

கிளாட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு லாஜிக்கல் ரீசனிங் பத்தியைக் கொடுத்து, "இவர் எந்த விதியை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்கிறார்?" என்று கேட்டால், பத்தியின் சுருக்கத்தைத்தான் சொல்வார்கள். சுருக்கம் நன்றாகவே இருக்கும். ஆனால் கேட்டது அது இல்லை. சுருக்கம் என்பது பத்தியில் எழுதியிருப்பது. பிரின்சிபிள் என்று கேள்வித்தாள் சொல்வது, பெரும்பாலும் பத்தியில் எழுதாமல் விடப்பட்டது. அதை இந்தக் கட்டுரை முழுக்கப் பொதுவிதி என்றே சொல்கிறேன்.

பேருந்து நிலைய கவுன்டரில் ஒருவர் சொல்கிறார்: "நான் ஆறு மணிக்கே வந்துவிட்டேன், எனக்கு முதலில் டிக்கெட் கொடுங்கள்." அவர் சொன்னது இரண்டே விஷயம். முன்னால் வந்தேன் என்பது காரணம். முதலில் கொடு என்பது முடிவு. முன்னால் வந்தவருக்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்பதை அவர் சொல்லவே இல்லை, சொல்லத் தேவையும் இல்லை. அந்தச் சொல்லாத வாக்கியம் இல்லாவிட்டால் அவர் காரணத்துக்கும் முடிவுக்கும் ஒட்டே கிடையாது. அதைத் தோண்டி எடுப்பதுதான் நம் வேலை. கவுன்டரில் சுலபம். 450 சொல் ஆங்கிலப் பத்தியில், கடிகாரம் ஓடும்போது, கஷ்டம்.

இளநிலை கிளாட் தேர்வில் 120 கேள்விகளுக்கு 120 நிமிடம். தவறான விடைக்கு 0.25 மதிப்பெண் போகும். லாஜிக்கல் ரீசனிங்கில் 22 முதல் 26 கேள்விகள், லீகல் ரீசனிங்கில் 28 முதல் 32 கேள்விகள். லீகல் பகுதியில் விதியைப் பத்தியே சொல்லிவிடும், அதைப் பொருத்திப் பார்ப்பது வேலை. லாஜிக்கல் பகுதியில் விதியை நாமே தேட வேண்டும். இந்தத் தேடலைப் பழகியவருக்கு அந்தப் பொருத்தலும் சுலபமாகிவிடும் என்பது என் அனுபவம். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் அய்லெட் தேர்வில் 150 கேள்விகளில் 70 லாஜிக்கல் ரீசனிங். அமெரிக்காவின் எல்சாட்டிலும் 2024 ஆகஸ்ட் முதல் மதிப்பெண்ணுக்குக் கணக்காகும் மூன்று பிரிவுகளில் இரண்டு இதுவே. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்குப் போக நினைப்பவர்கள் கிளாட் எழுதித்தான் ஆக வேண்டும். பத்தி, கேள்வி எல்லாம் ஆங்கிலத்தில் வரும். யோசனையைத் தமிழில் செய்யலாம், தப்பே இல்லை.

கையில் ஒரு பத்தி

பயிற்சிக்காக நானே எழுதிய பத்தி இது. தேர்வில் வருவதைவிடச் சின்னது. ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

"ஏரியின் வடகரையில் இருக்கும் 60 வீடுகளை மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லி நகராட்சி நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. அது ஏரி நிலம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மழைத் தண்ணீர் நிற்க இடம் வேண்டும் என்பதும் சரிதான். ஆனால் மாற்று இடம் கொடுத்த பிறகே இந்த வீடுகளை எடுக்க வேண்டும். 20 வருடமாக இவற்றுக்கு வீட்டு வரி வாங்கியது இதே நகராட்சிதான். குடிநீர் இணைப்பு கொடுத்தது, தெருவுக்குப் பெயர்ப் பலகை வைத்தது. அதை நம்பித்தான் அந்தக் குடும்பங்கள் கடன் வாங்கி, ஓலைக் கூரையைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போட்டார்கள். தென்கரையில் போன வருடம் வேலி போட்டுக் கொட்டகை எழுப்பியவர்களின் கதை வேறு. வேலி போட்ட வாரமே நகராட்சி எச்சரிக்கைப் பலகை நட்டது. வரி எதுவும் வாங்கவில்லை. அவர்களும் ஏழைகள்தான், அவர்களும் கைக்காசைப் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் அவர்களுக்கு மாற்று இடம் கொடுக்கும் கடமை நகராட்சிக்கு இல்லை."

முதல் படி: முடிவை அளவு மாறாமல் எடுங்கள்

தமிழில் பேசும்போது நாம் காரணத்தை முதலில் அடுக்கிவிட்டு முடிவைக் கடைசியில் வைப்போம். "மழை வருது, குடை இல்லை, அதனால் போகவில்லை." ஆங்கிலக் கட்டுரையாளர் முடிவை முதலிலேயே போட்டுவிடுவார், அல்லது நடுவில் செருகிவிட்டு 'பிகாஸ்' என்று காரணத்துக்குப் போவார். கடைசி வாக்கியத்தையே முடிவு என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு அதிகம். இந்தப் பத்தியில் வடகரையைப் பற்றிய முடிவு நடுவில்தான் இருக்கிறது.

அதைத் தேட ஒரு நல்ல வழி, எது செய்ய வேண்டும், எது கூடாது, எது நியாயம் என்று தீர்ப்பு சொல்லும் வாக்கியங்களின் கீழே மட்டும் கோடு போடுவது. ஆங்கிலத்தில் 'ஷுட்', 'மஸ்ட்', 'ஆட் டு', 'ஜஸ்டிஃபைட்' போன்ற சொற்கள் வரும் இடங்கள் அவை. கிளாட் தாளில் எழுதும் தேர்வு, கேள்விப் புத்தகத்திலேயே கோடு போட்டுக்கொள்ளலாம். கோடு போட்ட பிறகு, "அது யாருடைய தீர்ப்பு?" என்று பாருங்கள். 'சம் ஆர்க்யூ' என்று தொடங்கினால் அது பெரும்பாலும் எதிராளியின் கருத்து.

இப்போது வடகரை முடிவை உங்கள் சொல்லில் எழுதச் சொன்னால், பத்தில் ஐந்து பேராவது "வீடுகளை எடுக்கக் கூடாது" என்று எழுதுவார்கள். பத்தி அப்படிச் சொல்லவில்லை. எடுக்கலாம், மாற்று இடம் கொடுத்த பிறகு எடுக்கலாம் என்கிறது. இந்த இரண்டுக்கும் இருக்கிற தூரத்தில்தான் ஒரு தவறான ஆப்ஷனை வைத்திருப்பார்கள். முடிவைப் பெரிதாக்கி எடுத்தால் அதற்குப் பொருந்தும் பெரிய விதியைத் தேடுவீர்கள், தவறான விதி சரியாகத் தெரியும்.

இரண்டாம் படி: ஒப்புக்கொண்டது எது, காரணம் எது

பத்தியில் இருக்கும் எல்லாத் தகவலும் காரணம் ஆகாது. "ஏரி நிலம்தான்", "தண்ணீர் நிற்க இடம் வேண்டும்" என்பவை எழுதியவர் எதிர்த் தரப்புக்கு விட்டுக்கொடுப்பவை. ஒப்புக்கொண்டு, 'ஆனால்' என்று தாண்டிப் போகிறார். 'ஆல்தோ', 'அட்மிட்டெட்லி', 'வைல் இட் இஸ் ட்ரூ' வருமிடமெல்லாம் இப்படித்தான். விட்டுக்கொடுத்ததை வைத்துப் பொதுவிதி கட்டினால் அது எழுதியவரின் விதியாக இருக்காது, எதிராளியின் விதியாக இருக்கும்.

அது போக மிச்சம் என்ன? வரி வாங்கினார்கள், இணைப்பு கொடுத்தார்கள், பலகை வைத்தார்கள். அதை நம்பிக் குடும்பங்கள் செலவு செய்தன. 20 வருடம் ஆனது. இவற்றில் எது உண்மையில் பாரம் தாங்குகிறது என்று இன்னும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் தென்கரை இருக்கிறது.

மூன்றாம் படி: இரண்டு கரையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பத்தியில் இரண்டு நிகழ்வுக்கு இரண்டு விதமான தீர்ப்பு இருந்தால், பொதுவிதி அவற்றின் வித்தியாசத்தில்தான் இருக்கும். இரண்டிலும் பொதுவாக இருக்கும் எதுவும் அந்த வித்தியாசமான தீர்ப்புக்குக் காரணமாக இருக்க முடியாது.

என்னிடம் படித்த ஒரு மாணவி இதற்காகப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு கிழிப்பாள். இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் மற்றவர். இந்தப் பத்திக்கு அவள் எழுதியது இவ்வளவுதான்:

ஏரி நிலம்: ஆம் / ஆம்
ஏழை: ஆம் / ஆம்
செலவு செய்தார்: ஆம் / ஆம்
நகராட்சி ஏற்றுக்கொண்டதுபோல் நடந்தது: ஆம் / இல்லை
அதை நம்பிச் செலவு: ஆம் / இல்லை
நீண்ட காலம்: ஆம் / இல்லை
மாற்று இடம் கடமை: ஆம் / இல்லை

ஆம் ஆம் என்று இருக்கும் முதல் மூன்று வரியையும் அடித்துவிட்டாள். வறுமை போய்விட்டது. பணம் போட்டது போய்விட்டது. மிச்சம் மூன்று வரி. அதில் நீண்ட காலம் என்பதை என்ன செய்வது? பத்தி 20 வருடம் என்று சொல்கிறது, ஆனால் எதற்காகச் சொல்கிறது என்று பாருங்கள். "20 வருடமாக வரி வாங்கியது" என்கிறது. காலம் தனியாக நிற்கவில்லை, நகராட்சியின் நடத்தை எவ்வளவு ஆழமானது என்று காட்ட வந்திருக்கிறது. அடுத்த வாக்கியத்தில் "அதை நம்பித்தான்" என்று எழுதியவரே முடிச்சுப் போட்டுக் காட்டுகிறார். "இவ்வளவு காலம் ஆனதால்தான்" என்று எங்கும் சொல்லவில்லை. ஆகவே பாரம் தாங்குவது இரண்டு தூண்: நகராட்சியின் செயல், அதன்மேல் வைத்த நம்பிக்கையால் செய்த செலவு.

எல்லாப் பத்தியிலும் தென்கரை இருக்காது. ஒரே நிகழ்வுதான் இருக்கிறது என்றால் தென்கரையை நீங்களே மனத்தில் கட்டுங்கள். ஒவ்வொரு தகவலாக எடுத்துவிட்டு, "இது இல்லாவிட்டாலும் இவர் இதே தீர்ப்பைச் சொல்வாரா?" என்று கேளுங்கள். சொல்வார் என்றால் அது அலங்காரம். சொல்ல மாட்டார் என்றால் அது தூண்.

நான்காம் படி: பெயரை எடுத்துவிட்டு விதியாக எழுதுங்கள், சரியான உயரத்தில்

தூண்களை வைத்து ஒரு வாக்கியம் கட்டுவோம். அச்சு எப்போதும் ஒன்றுதான்: இன்னின்ன நடந்திருந்தால், இன்னது செய்ய வேண்டும். பத்தியின் பெயர்கள் வேண்டாம். நகராட்சி என்பது அமைப்பாகும், வீடு எடுப்பது நிலைப்பாட்டை மாற்றுவதாகும், மாற்று இடம் இழப்பை ஈடுகட்டுவதாகும்.

"ஓர் அமைப்பு தன் செயலால் ஒருவரை நம்ப வைத்து, அந்த நம்பிக்கையில் அவர் செலவும் செய்துவிட்டால், அவருடைய இழப்பை ஈடுகட்டாமல் அது தன் நிலைப்பாட்டை மாற்றக் கூடாது."

இதில் உயரம் முக்கியம். "வீட்டு வரி வாங்கிய நகராட்சி மாற்று இடம் கொடுக்காமல் வீட்டை எடுக்கக் கூடாது" என்று எழுதினால் தரையிலேயே நிற்கிறோம். அது பத்தியைத் திருப்பிச் சொல்வது, வேறு எந்த நிகழ்வுக்கும் உதவாது. "நம்பிக்கையை யாரும் மீறக் கூடாது" என்று எழுதினால் ரொம்ப மேலே போய்விட்டோம். செலவும் காணோம், ஈடுகட்டுவதும் காணோம். சரியான உயரம் எது என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. விதியில் இரண்டு தூணும் இருக்கிறதா, தீர்ப்பு அதே அளவில் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தொட்டுப் பாருங்கள். இவை குறையாமல் இருந்தால் சொற்கள் எவ்வளவு பொதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

"அமைப்பு, நிலைப்பாடு என்றெல்லாம் பத்தியிலேயே இல்லையே" என்று சரியான ஆப்ஷனைத் தள்ளிவிடுபவர்கள் நிறையப் பேர். பத்தியில் உள்ள சொற்களை அப்படியே அள்ளிப் போட்ட ஆப்ஷன் பார்க்க நெருக்கமாகத் தெரியும். பல நேரம் தூண்டிலே அதுதான்.

ஐந்தாம் படி: விதி எந்தப் பக்கம் ஓடுகிறது

இந்த இடத்தில் நல்ல மாணவர்களும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிற்போம்.

மேலே எழுதிய விதி வடகரைக்குத் தீர்ப்பு சொல்கிறது. செயல் இருக்கிறது, நம்பிச் செலவு இருக்கிறது, ஆகவே ஈடுகட்ட வேண்டும். சரி, அதே விதி தென்கரையைப் பற்றி என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்லவில்லை. தென்கரையில் நகராட்சி நம்ப வைக்கவில்லை, ஆகவே இந்த விதி அங்கே வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். ஈடுகட்டும் கடமை வேறொரு காரணத்தால் வரக்கூடும் என்ற கதவை நம் விதி மூடவில்லை. "கடமை இல்லை" என்று பத்தி உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் இன்னொரு விதி வேண்டும்: "தன் செயலால் நம்ப வைத்து, அதை நம்பி அவர் செலவு செய்திருந்தால் மட்டுமே ஈடுகட்டும் கடமை உண்டு."

இந்த 'மட்டுமே'யைத் தமிழில் நாம் தப்பாகப் புரிந்துகொள்வதே இல்லை. "அனுமதிச் சீட்டு இருந்தால் மட்டுமே ஹாலுக்குள் விடுவார்கள்" என்றால், சீட்டு இருந்தாலே போதும் என்று யாரும் நினைப்பதில்லை. அடையாள அட்டையும் கேட்பார்கள், நேரத்துக்கும் வர வேண்டும். சீட்டு இல்லாவிட்டால் உள்ளே போக முடியாது என்பது மட்டும்தான் உறுதி. ஆங்கிலத்தில் 'ஒன்லி இஃப்' என்று வரும்போது அவசரத்தில் 'இஃப்' மட்டும் கண்ணில் படும், அர்த்தம் தலைகீழாகிவிடும். 'அன்லெஸ்' இன்னும் மோசம். "சீட்டு இருந்தாலொழிய உள்ளே விட மாட்டார்கள்" என்கிற வகை வாக்கியத்தை "சீட்டு இருந்தால் விடுவார்கள்" என்று மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள். அது சொல்வது "சீட்டு இல்லாமல் விட மாட்டார்கள்" என்பது மட்டுமே.

ஆகவே கேள்வி எந்த முடிவைக் கேட்கிறது என்று பாருங்கள். வடகரை முடிவுக்கு ஆதரவான விதி என்று கேட்டால் 'இருந்தால்' விதி போதும். தென்கரை முடிவுக்கு என்று கேட்டால் 'இருந்தால் மட்டுமே' விதி வேண்டும். கடமை இல்லை, உரிமை இல்லை, தவறில்லை என்று எதிர்மறையாக முடியும் தீர்ப்புகள் பெரும்பாலும் 'மட்டுமே' விதியைக் கேட்கும்.

ஆறாம் படி: இப்போதுதான் ஆப்ஷனைப் பார்க்க வேண்டும்

கேள்வி: வடகரை பற்றிய முடிவை நியாயப்படுத்தும் பொதுவிதி எது?

அ) நீர்நிலை நிலத்தில் கட்டப்பட்ட எதையும் அரசு அகற்ற வேண்டும்.
ஆ) ஏழைகளின் வீட்டை எடுக்கும் அரசு அவர்களுக்கு மாற்று இடம் கொடுக்க வேண்டும்.
இ) பிறரைத் தன் நடத்தையால் நம்ப வைத்த எந்த அமைப்பும், அந்த நம்பிக்கையால் அவர்களுக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்டாமல் ஒருபோதும் நிலை மாறக் கூடாது.
ஈ) ஒரு நிலத்தில் 20 வருடம் இருந்தவர்களுக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு.

அ என்பது எழுதியவர் விட்டுக்கொடுத்த பக்கத்தின் விதி. மாற்று இடத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

ஆ தான் பலரை இழுக்கும், ஏனென்றால் மனசுக்கு நியாயமாகப் படுகிறது. எனக்கும் அது நியாயம்தான். ஆனால் அதை விதியாக எடுத்தால் தென்கரைக்காரர்களுக்கும் மாற்று இடம் கொடுக்க வேண்டிவரும், பத்தி அதை மறுக்கிறது. நாம் தேடுவது எழுதியவரின் விதியை, நம்முடையதை அல்ல. பத்தியின் ஒரு தீர்ப்போடு மோதும் விதி அந்தப் பத்தியின் விதியாக இருக்க முடியாது.

ஈ கொஞ்சம் சட்டம் படித்தவர்களுக்கு வைத்த குழி. பிறர் நிலத்தில் நீண்ட காலம் இருந்தவருக்கே அது சொந்தமாகிவிடும் என்ற எதிரிடை அனுபவம் பற்றி எங்கோ கேள்விப்பட்டிருப்பார்கள், 20 வருடம் என்றதும் அது நினைவுக்கு வரும். ஆனால் எழுதியவர் நிலத்தின்மேல் உரிமை கேட்கவே இல்லை. ஏரி நிலம்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

மிச்சம் இ. அதில் 'எந்த அமைப்பும்', 'ஒருபோதும்' என்று கடுமையான சொற்கள் இருக்கின்றன. கடுமையான சொல் வந்தால் ஆப்ஷன் தப்பு என்று எங்கோ கற்றுக்கொண்டு வந்தவர்கள் இங்கே கோட்டை விடுவார்கள். பத்தியிலிருந்து கட்டாயம் பெறப்படுவது எது என்று கேட்கும் கேள்விக்கு அந்த எச்சரிக்கை சரி, பத்தி கொடுத்ததைவிட அதிகமாக நாம் எடுக்கக் கூடாது. முடிவை நியாயப்படுத்தும் விதி எது என்று கேட்கும்போது கதை வேறு. விதி எவ்வளவு வலுவாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக முடிவைத் தாங்கும். கேள்வியின் முதல் வரியை இரண்டாவது தடவை படிப்பது இதற்காகத்தான்.

சட்ட அறிவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பத்தியின் விதிக்கு நெருங்கிய சொந்தம் நிஜ வழக்கில் இருக்கிறது. 1978இல் மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை வழக்கில், புதிய ஆலைக்கு விற்பனை வரி விலக்கு தருவதாகச் சொன்ன உத்தரப் பிரதேச அரசு, அதை நம்பிக் கடன் வாங்கி வனஸ்பதி ஆலை கட்டிய நிறுவனத்திடம் பின்வாங்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிராமிஸரி எஸ்டாப்பல் என்பார்கள். தெரிந்திருந்தால் வடிவம் சட்டென்று பிடிபடும், நல்லது. ஆனால் அந்தக் கோட்பாட்டுக்கு நீதிமன்றங்கள் வைத்திருக்கும் வரம்புகளைக் கொண்டுவந்து பத்திக்குள் நுழைக்காதீர்கள். தேர்வில் பத்தி சொன்னதுதான் சட்டம்.

ஏழாம் படி: புது நிகழ்வில் விதியைப் பொருத்துவது

ஒரு பத்திக்குக் கீழே ஒன்றிரண்டு கேள்விகளாவது இப்படி வரும். விதி கையில் இருந்தால் பத்திக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை, தூண்களை மட்டும் எண்ணினால் போதும்.

ஒரு கல்லூரி மூன்று வருடப் படிப்புக்கு ஆண்டுக் கட்டணம் மாறாது என்று அறிவிக்கிறது. அதைப் பார்த்து ஒருவர் வேலையை விட்டுவிட்டுச் சேர்கிறார். இரண்டாம் வருடம் கட்டணம் ஏறுகிறது. ஏரியும் இல்லை, நகராட்சியும் இல்லை. ஆனால் இரண்டு தூணும் இருக்கின்றன. விதி பொருந்தும்.

வடகரையிலேயே ஒரு குடும்பம், வரி வாங்கத் தொடங்குவதற்கு முன்பே கான்கிரீட் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு ரூபாய் செலவு செய்யவில்லை. செயல் இருக்கிறது, செலவும் இருக்கிறது. ஆனால் செலவு முந்தியது, செயல் பிந்தியது. அப்படியென்றால் அதை நம்பிச் செய்த செலவு அல்ல, விதி இவர்களுக்குக் கைகொடுக்காது. தேர்வு எழுதுபவர்கள் அதிகம் தவறவிடுவது இந்தக் கால வரிசையைத்தான். புது நிகழ்வில் வருடமோ, 'அதற்குப் பிறகு' என்ற சொல்லோ வந்தால் நின்று பாருங்கள், சும்மா வைக்க மாட்டார்கள்.

மூன்றாவதாக, ஐந்து வருடம் நகராட்சி எதுவுமே செய்யவில்லை. வரியும் வாங்கவில்லை, எச்சரிக்கையும் இல்லை. அந்த மௌனத்தை நம்பி ஒருவர் வீடு கட்டினார். மௌனம் ஒரு செயலா? பத்தி அதற்குப் பதில் சொல்லவில்லை. வடகரையில் வெளிப்படையான செயல், தென்கரையில் வெளிப்படையான எச்சரிக்கை. நடுவில் இருப்பதைப் பத்தி தொடவில்லை. 'இந்தப் பத்தியை வைத்து முடிவு செய்ய முடியாது' என்று ஆப்ஷன் இருந்தால் அதை எடுக்கத் தயங்காதீர்கள். அப்படி ஒன்று இல்லாவிட்டால், பத்தியில் உள்ள செயல்களிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்று காட்டும் ஆப்ஷன் பாதுகாப்பானது.

வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது என்ற கேள்விக்கும் இதே தூண்கள்தான். "ஒவ்வொரு வரி ரசீதிலும் இது குடியிருக்கும் உரிமை தராது என்று அச்சிட்டிருந்தார்கள்" என்ற தகவல் நேராக முதல் தூணில் அடிக்கிறது, நம்ப வைத்தார்கள் என்பதே ஆட்டம் காண்கிறது. "மாற்று இடம் கொடுக்க நகராட்சியிடம் பணம் இல்லை" என்பது கனமாகத் தெரிந்தாலும் எந்தத் தூணையும் தொடவில்லை. கடமை இருக்கிறதா என்பது ஒன்று, நிறைவேற்ற முடியுமா என்பது வேறொன்று.

நேரமும் பயிற்சியும்

ஏழு படியையும் தேர்வறையில் எழுதிப் பார்க்க முடியாது. நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் கணக்கு, ஒரு பத்திக்கும் அதன் ஐந்து கேள்விகளுக்கும் ஆறு முதல் ஏழு நிமிடம். அதில் இரண்டரை நிமிடம் பத்திக்கு, அரை நிமிடம் தூண்களை ஓரத்தில் குறிக்க. பல கேள்விக்கு அந்த அரை நிமிடம்தான் நேரத்தைத் திருப்பித் தரும்.

அது கைக்கு வர, தொடக்கத்தில் மெதுவாகச் செய்யுங்கள். தினமும் ஆங்கில நாளிதழ் தலையங்கம் ஒன்றை எடுத்து, முடிவு ஒரு வரி, தூண்கள் ஒரு வரி, பொதுவிதி ஒரு வரி என்று மூன்றே வரி எழுதுங்கள். பிறகு அந்த விதி பொருந்தும் வேறு நிகழ்வு ஒன்றும், ஒரு தூண் மட்டும் விழுந்துபோன நிகழ்வு ஒன்றும் நீங்களே கட்டுங்கள். கேள்வி தயாரிப்பவர் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதேதான். பழைய கிளாட் தாள்கள் 2020க்குப் பிறகு வந்தவையாக இருக்கட்டும், அந்த வருடத்தில்தான் தேர்வு முழுக்கப் பத்தி வடிவத்துக்கு மாறியது. எல்சாட் பயிற்சித் தாள்களில் பிரின்சிபிள் கேள்விகள் தனி வகையாகவே வரும். பத்தி சின்னதாக இருக்கும், ஆப்ஷன்கள் மிகக் கூர்மையாக இருக்கும், 'மட்டுமே' பழகுவதற்கு அவற்றைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

தவறான விடைகளுக்கு ஒரு நோட்டு வையுங்கள். "கவனக்குறைவு" என்று எழுதாதீர்கள், அதை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது. எங்கே தவறியது என்பதற்கு நாலு பெயர் போதும்: தீர்ப்பின் அளவு, தூண், உயரம், திசை. இருபது, முப்பது தவறு சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். அந்த மாணவியின் நோட்டில் முதல் மாதம் பாதிக்கு மேல் 'திசை' என்று இருந்தது. அடுத்த இரண்டு வாரம் அவள் புதுப் பத்தியே எடுக்கவில்லை. 'ஒன்லி இஃப்', 'அன்லெஸ்' வரும் வாக்கியங்களை மட்டும் பழைய தாள்களிலிருந்து பொறுக்கி, ஒவ்வொன்றையும் தமிழில் எழுதி, பக்கத்தில் "இதிலிருந்து என்ன தெரியாது?" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டே வந்தாள்.